எலிவால் சடையும் நான்கு மில்லிமீட்டர் தோலும்: தலைமுடியை எண்ணியதிலிருந்து அளந்தது வரை

‘சடை எலிவால் மாதிரி ஆகிவிட்டது’ என்று ஒரு பெண் சொல்லும்போது அவள் முடியை எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை. கைக்குள் பிடிபடும் சடையின் பருமன் குறைந்ததைத்தான் சொல்கிறாள். சீப்பில் சிக்கிய முடியை மட்டும் பார்ப்பவர் உதிர்வை அறிவார். சடையைக் கையில் பிடிப்பவர் மெலிவையும் சேர்த்து அறிவார். இவை இரண்டும் வெவ்வேறு செய்திகள் என்பதைத் தோல் மருத்துவம் தன் அளவுகோல்களுக்குள் கொண்டுவர ஏறத்தாழ அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. அந்த மாற்றம் எப்படி நடந்தது, எந்த இடத்தில் இன்னும் முடியாமல் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கலாம். பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று அவர் கண்டார். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு அது தலைகாட்டியது. ஊசியை நிறுத்தியதும் வழுக்கை பரவாமல் நின்றது, ஆனால் போன முடி திரும்பவில்லை. ஹார்மோனும் பரம்பரையும் கைகோக்க வேண்டும் என்ற முடிவு இன்றும் அசையாமல் இருக்கிறது. அசைந்தது அவர் 1951இல் தந்த வகைப்பாட்டின் மீதான நிறைவுதான். முன்நெற்றி எவ்வளவு ஏறியது, உச்சியில் வட்டம் எவ்வளவு விரிந்தது என்று அது தலையை ஒரு நிலப்படம்போல் பார்த்தது. 1975இல் நார்வுட் திருத்திய ஏழு வகைகளும், பெண்களுக்காக 1977இல் லுட்விக் வகுத்த மூன்று நிலைகளும் இதே பார்வையில் வந்தவையே. பெண்ணின் நெற்றி ஓர முடிவரிசை நிலைத்திருக்க, அதன் பின்னே உச்சந்தலை மட்டும் வெளுக்கும் என்று லுட்விக் காட்டியது பெரிய உதவி. ஆனால் மண்டை தெரிகிறதா என்பதைத்தான் இவை சொல்லும். ஏன் தெரிகிறது, முடி இல்லாததாலா, இருந்தும் மெலிந்ததாலா என்ற கேள்விக்கு மேலிருந்து பார்க்கும் கண்ணில் விடை இல்லை.

விடை தோலுக்கு அடியில் இருந்தது. மயிர்க்காலின் அடியில், வெங்காயம்போல் உப்பிய முடிக்குமிழுக்குள், பாப்பில்லா என்ற சிறு திசு மொட்டு இருக்கிறது. அதன் பருமனுக்கும் அதைச் சுற்றி முடியை உருவாக்கும் செல்களின் அளவுக்கும் திட்டமான விகிதம் உண்டு என்று வான் ஸ்காட்டும் எகெலும் 1958இல் அளந்து காட்டினார்கள். மொட்டு சிறுத்தால் முடியும் சிறுக்கும். மயிர்க்கால் சிறுத்தல் என்று நாம் சொல்வது இதைத்தான். நல்ல நிலையில் உள்ள தலைமுடியின் வேர் தோலுக்கும் கீழே கொழுப்பு அடுக்குவரை இறங்கியிருக்கும். சிறுத்த மயிர்க்காலோ மேலே தோலுக்குள்ளேயே நின்றுவிடும். அது விட்டுப்போன பாதை நார்த்தழும்பாகக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். வளர்பருவமும் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் வளர வேண்டிய முடி மாதக்கணக்கில் நின்றுவிடுவதால் அது மெல்லியதாக மட்டுமல்ல, குட்டையாகவும் நிறம் மங்கியும் வெளிவருகிறது. வகிட்டருகே பஞ்சுபோல் எழுந்து நிற்கும் அந்த முடியைப் பலர் ‘புதுசா முளைக்குது’ என்று மகிழ்வதுண்டு. சில நேரம் அது உண்மை, பல நேரம் அது தேய்ந்துவரும் பழைய மயிர்க்காலின் வேலை. நுனி ஊசிபோல் கூர்ந்தும் அடி தடித்தும் இருந்தால் புதிதாக வளர்வது. அடியிலிருந்து நுனிவரை ஒரே மெல்லிழையாக, சில சென்டிமீட்டருக்கு மேல் நீளாமல் நின்றால் சிறுத்தது என்று ஐயப்படலாம்.

இவ்வளவு தெரிந்தும் இதை நோயாளியின் தலையில் அளக்க வழியில்லாமல் போனதற்குக் காரணம் வேடிக்கையானது: கத்தியின் திசை. தோல் துண்டை மேலிருந்து கீழாக நீளவாட்டில் சீவுவதே நோய்க்குறியியலாளரின் பழக்கம். அப்படிச் சீவினால் ஒரு சீவலில் நாலைந்து மயிர்க்கால்களே அகப்படும், அவையும் பாதி வெட்டுப்பட்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹெடிங்டன் 1984இல் துண்டைக் குறுக்கே, வாழைத்தண்டை வட்டமாக நறுக்குவதுபோல் வெட்டச் சொன்னார். அப்போது துண்டிலுள்ள எல்லா மயிர்க்கால்களும் ஒரே பார்வையில் வட்டங்களாகத் தெரிந்தன. அவை தனித்தனியே இல்லாமல் சிறு கூட்டங்களாக நிற்பதையும் அவரே விவரித்தார். முடி நடும் அறுவை மருத்துவர்கள் பின்னாளில் அந்தக் கூட்டத்தையே தங்கள் அலகாக எடுத்துக்கொண்டார்கள்.

ஹெடிங்டன் திறந்த வழியில் எண்களை நிரப்பியவர் டல்லஸ் நகரில் பணியாற்றிய டேவிட் வைட்டிங். 1993இல் அவர் வெளியிட்ட ஆய்வு, 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள பஞ்ச் பயாப்சித் துண்டைக் குறுக்கே வெட்டி முடிகளை இரு கூறாக்கியது. தடித்த முதிர்முடி ஒன்று, பூனைமயிர் மற்றொன்று. 0.03 மில்லிமீட்டருக்கு மேல் போகாததும், தன்னைச் சுற்றிய உள்ளுறையைவிட மெலிந்ததுமான முடி பூனைமயிர்க் கணக்கில் சேரும். பிறவியிலேயே பூனைமயிரா, சிறுத்து அப்படி ஆனதா என்று எண்ணும்போது பிரிப்பதில்லை. ஏறத்தாழ 12.6 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள அத்துண்டில், நல்ல தலையில் சுமார் 40 முடிகள் இருந்தன: 35 முதிர்முடி, 5 பூனைமயிர். அதாவது ஏழுக்கு ஒன்று. வழுக்கை விழுந்த ஆண்களிடம் மொத்த எண்ணிக்கை சற்றே குறைந்திருந்தது. விகிதமோ இரண்டுக்கு ஒன்று என்பதற்கும் கீழே இறங்கியிருந்தது. கண்ணுக்கு வழுக்கையாகத் தெரிந்த இடத்தில் பெரும்பாலான மயிர்க்கால்கள் காலிசெய்துவிட்டுப் போகவில்லை, குறுகிக்கொண்டு அங்கேயே இருந்தன.

இந்த விகிதம் உண்மையில் கைகொடுத்தது பெண்களின் நோயறிதலில். எடுத்துக்காட்டுக்கு, நாற்பது வயதை ஒட்டிய இருவரின் துண்டுகளை மேசையில் வைத்துப் பார்ப்போம். இருவரும் சொல்லும் புகார் ஒன்றே, முடி கொட்டுகிறது. முதல் துண்டில் 39 முடிகள், அவற்றில் 35 முதிர்முடி, 4 பூனைமயிர். இரண்டாவதில் 38 முடிகள், அவற்றில் 27 முதிர்முடி, 11 பூனைமயிர். அடர்த்தியை மட்டும் பார்த்தால் ஒரு முடிதான் வேறுபாடு. விகிதத்தில் முதலாமவர் 8.75, இரண்டாமவர் 2.45. வைட்டிங்கின் வேலையிலிருந்து 1990களில் நடைமுறைக்கு வந்த கோடுகளின்படி, எட்டுக்கு மேல் போனால் அது நாள்பட்ட உதிர்வு: முடிகள் ஓய்வுப்பருவத்துக்குக் கூட்டமாகப் போகின்றன, மயிர்க்கால் நலம். நான்குக்குக் கீழே வந்தால் பரம்பரை வகை மெலிவு. முதலாமவர் வழுக்கையை நோக்கிப் போகவில்லை என்று தெம்பு சொல்லி, பின்னணியைத் தேடலாம். இரண்டாமவருக்குத் தொடர் மருந்து வேண்டும். மூன்றாவதாக ஒருவர் வந்து, துண்டில் 33க்கு 7 என்று இருந்தால் விகிதம் 4.7. அது நடுவில் தொங்கும், மருத்துவர் தீர்ப்புச் சொல்லக் கூடாத இடம்.

இது தவறக்கூடிய வழிகளும் உண்டு. துண்டை முடியின் சாய்வோடு ஒத்து எடுக்காவிட்டால் மயிர்க்கால்கள் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போகும். கொழுப்பு அடுக்கில் மட்டும் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அங்கே பூனைமயிரே இருக்காது, ஏனெனில் அவற்றின் வேர் அவ்வளவு ஆழம் வருவதில்லை. விகிதம் பொய்யாக உயர்ந்து, நோய் உள்ளவரும் நலமாகத் தோன்றுவார். தோலின் மேலடுக்கில் எண்ண வேண்டும் என்பது அதனால்தான். தலை முழுவதும் ஒரே சீராகவும் இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் ராட்னி சின்கிளேரும் குழுவினரும் 2004இல் பெண்களிடம் ஒன்றுக்குப் பதில் மூன்று துண்டுகள் எடுத்து ஒப்பிட்டபோது, சரியான முடிவுக்கு வரும் வாய்ப்பு 79 விழுக்காட்டிலிருந்து 98 ஆக உயர்ந்தது. மொத்த எண்ணிக்கையை நம்புவதில் இன்னொரு சிக்கல், மக்களினத்துக்கு மக்களினம் அது மாறுவது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் துண்டில் இயல்பாகவே முடி வெகு குறைவு என்று ஸ்பெர்லிங் 1999இல் காட்டினார். வைட்டிங்கின் 40ஐ அளவுகோலாகக் கொண்டால் நலமாக உள்ளவரும் நோயாளி ஆகிவிடுவார். ஒரே தலைக்குள்ளேயே ஒப்பிடும் விகிதம் இந்தப் பொறியில் அவ்வளவு எளிதாக விழாது.

சிறுத்தல் எவ்வளவு வேகமானது என்பதிலும் கருத்து மாறியது. ஒவ்வொரு சுழற்சியிலும் முடி கொஞ்சம் கொஞ்சமாக மெலிகிறது என்பது பாடநூல் படம். ஒரு சுழற்சிக்கே ஆண்டுகள் ஆகும்போது, சிலருக்கு இவ்வளவு விரைவில் மெலிவு தெரிவதை அந்தப் படம் விளக்காது என்று 2001இல் வைட்டிங் வாதிட்டார். ஒரே பாய்ச்சலில் பெரிய இறக்கம் நடக்கலாம் என்பது அவர் எண்ணம். எனக்கு இது ஏற்கத்தக்கதாகத் தோன்றுகிறது, ஆனால் ஒரே மயிர்க்காலைப் பல ஆண்டு தொடராமல் இதை முடித்துவைக்க முடியாது.

அதே 2001இல் ஒலிவியே தெ லாஷாரியேரும் குழுவினரும் கத்தியே வேண்டாத ஒரு வழியைக் காட்டினார்கள். உருப்பெருக்கிக் கருவியைத் தலையில் வைத்துப் பார்க்கும்போது, அருகருகே நிற்கும் முடிகளின் தடிமன் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதே கேள்வி. தடிமன் வேறுபாடு 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட முடிகளில் தெரிந்தால் அது மயிர்க்கால் சிறுத்தலின் அடையாளம். இன்று ட்ரைகோஸ்கோபி செய்யும் மருத்துவர் உச்சந்தலையையும் பின்தலையையும் அடுத்தடுத்துப் பார்ப்பது இதற்காக. பின்தலை பொதுவாக இந்நோய்க்கு அடங்காத பகுதி, நோயாளி தன் தலையிலேயே சுமந்துவரும் ஒப்பீட்டுக் கோல் அது. இயல்பிலேயே மெல்லிய முடி உள்ளவருக்கு இரு இடமும் மெலிந்தே இருக்கும், நோய் உள்ளவருக்கு உச்சி மட்டும் கலவையாக இருக்கும்.

தடிமன் ஏன் கண்ணை இவ்வளவு ஏமாற்றுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டரில் 200 முடிகள், ஒவ்வொன்றும் 80 மைக்ரான் தடிமன் என்று கொள்வோம். அவற்றில் 80 முடிகள் 40 மைக்ரானாக மெலிந்தால் எண்ணிக்கை 200ஆகவே இருக்கும். குறுக்குப் பரப்பு தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், பாதி தடிமனுக்கு இறங்கிய முடி கால் பங்குதான் இடத்தை நிரப்பும். எனவே மொத்த முடிப்பரப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். ஒரு முடிகூடக் கொட்டாமல் சடை எலிவால் ஆவது இப்படித்தான்.

இவ்வளவு தெரிந்த பிறகும் மருந்து ஆய்வுகள் எண்ணிக்கையையே முதன்மையாக நம்பின. 1998இல் வெளிவந்த ஃபினாஸ்டரைடு ஆய்வில், உச்சந்தலையில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தைப் படமெடுத்து எண்ணினார்கள். தொடக்கத்தில் சராசரி 876 முடிகள். ஓராண்டு முடிவில் மருந்து எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் இடையே 107 முடி வேறுபாடு. இதில் எத்தனை உறங்கிக்கிடந்த மயிர்க்காலிலிருந்து எழுந்தவை, எத்தனை ஏற்கெனவே இருந்து கேமராவுக்குத் தெரியாத அளவு மெலிந்திருந்து இப்போது தடித்தவை என்று அந்தப் படத்தைக் கொண்டு பிரிக்க இயலாது. கேமராவின் கூர்மைக்குக் கீழே உள்ள முடி, அதன் கணக்கில் இல்லாத முடி. வெரா பிரைஸும் அவர் குழுவினரும் வேறு வழியில் போனார்கள். தலையில் குறித்த சிறு பகுதியின் முடியைக் குறிப்பிட்ட இடைவெளியில் வெட்டி, எண்ணியதோடு நிற்காமல் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள். 2002இல் வெளிவந்த அவர்களின் ஃபினாஸ்டரைடு ஆய்வில், எடையில் தெரிந்த முன்னேற்றம் எண்ணிக்கையில் தெரிந்ததைவிடத் தெளிவாகப் பெரியது. எண்ணிக்கை சொல்லாமல் விட்டதைத் தராசு சொன்னது. ஆனால் தராசு வைக்க நோயாளியின் தலையில் ஒரு சதுரம் தொடர்ந்து ஒட்ட வெட்டுப்பட்டே இருக்க வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்பவர் மிகச் சிலர் என்பதால், இன்றும் மருத்துவமனையில் மேசைக்கு வருவது படமும் எண்ணிக்கையுமே.