மூன்று இழைகளும் பதினைந்து டிகிரியும்: கொலாஜன் ஆய்வின் ஒரு தடம்

1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்த ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத சிக்கல் என்று ஜி. என். ராமச்சந்திரனிடம் எடுத்துச் சொன்னார். கங்காரு வாலின் தசைநாணிலிருந்து கிடைத்த எக்ஸ்ரே படங்களை வைத்து ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் ஒரு மாதிரியை வெளியிட்டனர். அதில் மூன்று புரத இழைகள் அருகருகே நின்றன. மறு ஆண்டு அதைத் திருத்தி, அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றிக் கயிறாக முறுக்கியிருப்பதாகக் காட்டினர்.

கொலாஜனில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கிளைசின் என்பது வேதிப்பகுப்பாய்வால் முன்பே தெரிந்திருந்தது. ஏன் அந்த விகிதம் என்பதற்குச் சென்னை மாதிரி விடை தந்தது. முறுக்கில் ஒவ்வோர் இழையின் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் மைய அச்சை ஒட்டி வந்து நிற்கிறது. அங்கே இடமே இல்லை. பக்கத்தொகுதியாக ஒரேயொரு ஹைட்ரஜன் அணுவை மட்டும் கொண்ட கிளைசின்தான் அங்கே பொருந்தும். அதைவிட ஒரு கார்பன் மட்டும் கூடுதலாகக் கொண்ட அலனைன் அந்த இடத்தில் வந்தாலும் சுருள் அங்கே சற்று அவிழ்கிறது. எலும்பு எளிதில் முறியும் பிறவிநோய்கள் பலவற்றில் நடப்பது இதுதான்: ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட இழையில் ஒரு கிளைசின் மாறியிருக்கும்.

இந்த மாதிரியை லண்டன், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்தனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருப்பதாகச் சென்னையினர் கூற, அவ்வாறு அமைத்தால் சில அணுக்கள் மிக நெருங்கிவிடும் என்று ரிச்சும் கிரிக்கும் மறுத்து, ஒரு பிணைப்பே போதும் என்றனர். இந்த நுணுக்கத்தில் அவர்கள் பக்கமே சரியாயிற்று. முறுக்கின் அடிப்படை வடிவம் சென்னையில் சொன்னபடியே நிலைத்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்த வாதமே ராமச்சந்திரனை 1963-இன் புகழ்பெற்ற வரைபடத்துக்கு இட்டுச்சென்றது.

ஆனால் கொலாஜனில் உள்ள ஹைட்ராக்சிபுரோலின் எதற்கு? அதற்கு இடநெருக்கடி காரணமாகாது. 1949-இல் ஸ்டெட்டன் ஒரு விந்தையைக் கண்டிருந்தார்: அடையாளமிட்ட ஹைட்ராக்சிபுரோலினை எலிகளுக்கு ஊட்டினால் அது கொலாஜனில் சேர்வதில்லை. இழை உருவான பிறகே, அதிலுள்ள புரோலின் மாற்றப்படுகிறது. மாற்றும் நொதிக்கு இரும்பு, ஆக்சிஜன், ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் ஆகியவை வேண்டும். இடையிடையே நொதியின் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து முடங்கும். அதைப் பழைய நிலைக்குத் திருப்புவது வைட்டமின் சி.

1973-இல் பெர்க்கும் புரோக்காப்பும் கோழிக்கரு தசைநாண் செல்களிலிருந்து இரும்பைப் பிடித்துவைத்து, ஹைட்ராக்சில் இல்லாத கொலாஜனை உண்டாக்கினர். இயல்பான கொலாஜன் சுமார் 39 டிகிரியில் அவிழ, இது சுமார் 24 டிகிரியிலேயே அவிழ்ந்தது. உடலின் 37 டிகிரி இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. இந்தப் பதினைந்து டிகிரிதான் முழு வரலாற்றின் மையம் என்பது என் கருத்து. ஹைட்ராக்சில் அந்த உறுதியை எப்படித் தருகிறது என்பது வேறு வாதம்: நீர்மூலக்கூறுகள் பாலமிடுவதால் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1998-இல் ரெயின்ஸ் குழுவினர் ஹைட்ராக்சிலுக்குப் பதில் ஃபுளோரினை வைத்தனர். ஃபுளோரின் அத்தகைய பாலம் அமைக்காது. ஆனாலும் சுருள் மேலும் உறுதியானது. புரோலின் வளையத்தை ஏற்ற கோணத்தில் வளைத்து வைப்பதே முக்கியம் என்று அது காட்டியது.

வைட்டமின் சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மனித உடலிலேயே காணலாம். பாஸ்டன் அறுவைமருத்துவர் ஜான் கிராண்டன் 1939-இல் வைட்டமின் சி இல்லாத உணவைத் தானே உண்டார். 41 நாட்களில் பிளாஸ்மாவில் அது காணப்படவில்லை. ஆயினும் மூன்றாம் மாதம் முதுகில் இட்ட காயம் நன்றாகவே ஆறியது. ஆறாம் மாதம் இட்ட காயம் தோலுக்குக் கீழே சேரவே இல்லை. தினமும் ஒரு கிராம் வைட்டமின் சி ஊசியாகப் பெற்ற பிறகே அது ஆறியது. பிளாஸ்மா அளவு மட்டும் திசுவின் நிலையைச் சொல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

பாடநூல்கள் இங்கே நின்றுவிடுகின்றன. ஆனால் ஸ்கர்வி முழுவதையும் நொதியின் முடக்கத்தால் விளக்க முடியாது. பெவர்லி பீட்டர்காஃப்ஸ்கி கினிப்பன்றிகளில் அளந்தபோது, ஹைட்ராக்சிலேற்றம் குறைந்த அளவைவிடக் கொலாஜன் உற்பத்தி அதிகமாக வீழ்ந்தது; அந்த வீழ்ச்சி எடை குறைவதோடு ஒட்டிச் சென்றது. வைட்டமின் கொடுத்துப் பட்டினி போட்ட கினிப்பன்றிகளிலும் அதே வீழ்ச்சி தெரிந்தது. ஆகவே உற்பத்தி குறைவதும், உருவான சிறிதளவு இழையும் உடல்வெப்பத்தில் முறுக்கேறாமல் செல்லுக்குள்ளேயே சிதைக்கப்படுவதும் சேர்ந்தே ஸ்கர்வியில் திசுவைத் தளர்த்துகின்றன.