நடுச்சாம எண்ணெய்க்கு யார் காசு குடுத்தது?

போன செமஸ்டரில் மொழிபெயர்ப்பு வகுப்பில் ஒரு சின்னப் பயிற்சி தந்தார்கள். ‘பேர்ன் த மிட்நைட் ஒயில்’ என்ற ஆங்கில மரபுத்தொடரைத் தமிழில் எழுத வேண்டும். சொல்லுக்குச் சொல் போட்டால் ‘நள்ளிரவு எண்ணெயை எரித்தல்’ என்று வரும். அப்படி எழுதினால் சிரிப்பார்கள் என்று தெரியும்தானே. அதனால் நாங்கள் எல்லாரும் ‘இரவிரவாகக் கண்விழித்துப் படித்தான்’ என்று எழுதினோம். புள்ளியும் கிடைத்தது.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆங்கிலத்தில் இருந்த எண்ணெய் தமிழில் எங்கே போனது? அதைத் தேடிப் போன கதைதான் இது.

இந்தச் சொற்சேர்க்கை அச்சில் கிடைக்கும் பழைய இடங்களில் ஒன்று, பிரான்சிஸ் குவார்ல்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1635இல் வெளியிட்ட ‘எம்பிளம்ஸ்’ என்ற நூல். படமும் கவிதையுமாகச் சேர்ந்து வரும் பக்திப் புத்தகம் அது. அவர் அதில் எண்ணெயை ‘எரிக்கிறோம்’ என்று சொல்லவில்லை, ‘செலவழிக்கிறோம்’ என்றுதான் சொல்கிறார். பகலில் செலவாவது வியர்வை, இரவில் செலவாவது எண்ணெய். கிட்டத்தட்ட நூறு வருசம் கழித்து, 1727இல், ஜோன் கே தன் நீதிக்கதைகளின் முகப்பில் இதே சொல்லை எடுக்கிறார். அங்கேயும் புத்தகங்களின் மேல் எண்ணெய் ‘தீர்ந்துபோகிறது’. அதாவது தொடக்கத்தில் இது கிட்டத்தட்ட ஒரு கணக்குப் புத்தகச் சொல். எவ்வளவு படித்தாய் என்பதை, எவ்வளவு எண்ணெய் முடிந்தது என்பதால் அளக்கிறார்கள்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் சாதாரண வீடுகளில் எண்ணெய் விளக்கைவிட அதிகம் எரிந்தது மாட்டுக் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பு மெழுகுதிரிகள்தான். அதற்கும் வசதியில்லாதவர்கள் கோரைத் தண்டின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் சோற்றைச் சமையல் கொழுப்பில் தோய்த்துக் காயவைத்துக் கொளுத்தினார்கள். கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் 1789இல் வந்த தன் நூலில் இதை நேரம் பார்த்தே எழுதியிருக்கிறார். இரண்டேகால் அடிக்குச் சற்றுக் கூடுதலான ஒரு நல்ல கோரை 57 நிமிடம் எரிந்ததாம். கால் பென்னி செலவில் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ஐந்தரை மணித்தியால வெளிச்சம் என்பது அவர் போட்ட கணக்கு.

அப்படியானால் குவார்ல்ஸின் கவிதைக்குள் எண்ணெய் எங்கிருந்து வந்தது? படித்த ஆங்கிலேயர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த கிரேக்க, லத்தீன் நூல்களின் வழியாக வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மத்தியதரைக் கடலோரத்தில் விளக்கு என்றால் ஒலிவ் எண்ணெய் விளக்கு. விளக்கு வெளிச்சத்தில் வேலை செய்வதற்கென்றே லத்தீனில் ‘லூகுப்ராரே’ என்று ஒரு வினைச்சொல் இருந்தது.

அங்கே இந்த எண்ணெய்க்கு எப்போதும் நல்ல பெயர் இருக்கவில்லை. புளூட்டாக் எழுதிய வாழ்க்கை வரலாறு ஒன்றில் ஒரு சம்பவம் வருகிறது. ஏதென்ஸ் நகரப் பேச்சாளர் டெமொஸ்தெனிஸ் எதையும் முன்கூட்டியே தயாரித்துத்தான் பேசுவார். அவருடைய வாதங்களில் விளக்குத் திரி மணக்கிறது என்று பைத்தியஸ் என்ற இன்னொரு பேச்சாளர் நக்கலடித்தார். திறமை இல்லை, இராத்திரி முழுக்கக் குந்தியிருந்து பாடமாக்கின பேச்சு என்பதுதான் அதன் அர்த்தம். டெமொஸ்தெனிஸ் சும்மா விடவில்லை. உன் விளக்குப் பார்க்கிற வேலையும் என் விளக்குப் பார்க்கிற வேலையும் ஒன்றில்லை என்று திருப்பிக் கொடுத்தார். மற்றவர் இரவில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது கேட்டவர்களுக்கு விளங்கியிருக்கும். ‘விளக்கு மணக்கிறது’ என்ற குத்தல் பிறகு ஆங்கிலத்துக்கும் போய், உயிரில்லாத, அதிகமாக உழைத்துக் கெடுத்த எழுத்தைச் சொல்லப் பயன்பட்டது. ஒரே விளக்கில் இருந்துதான் பாராட்டும் வந்தது, பழிப்பும் வந்தது.

ரோமில் இன்னொரு சுவாரசியம். மூத்த பிளினி என்ற அறிஞரின் நாளாந்த வழக்கத்தை அவருடைய மருமகன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஓகஸ்ட் கடைசியில் வரும் வல்கன் தேவனின் திருவிழாவில் இருந்து அவர் விளக்கு வைத்து வேலை தொடங்குவாராம். குளிர்காலத்தில் நடுச்சாமம் தாண்டி ஒன்று, இரண்டு மணிக்கு எழும்புவார். பல நேரம் நடுச்சாமத்துக்கே எழும்பிவிடுவார். கவனியுங்கள், அவர் நடுச்சாமம் வரை விழித்திருக்கவில்லை, நேரத்துக்குப் படுத்து நடுச்சாமத்தில் எழும்பினார். விடிய நாலு மணிக்கு எழுப்பிவிட்டுத் தேத்தண்ணி தருகிற எங்கள் அம்மாமாரின் முறையும் ஏறத்தாழ இதுதான்.

அந்த வெளிச்சம் எவ்வளவு விலை என்பதைப் பொருளியலாளர் வில்லியம் நோர்ட்ஹவுஸ் 1990களில் கணக்குப் பார்த்தார். ஒரு பழைய ரோம மண் விளக்கை வாங்கி, நல்லெண்ணெய் விட்டு எரித்து, வெளிச்சத்தை அளந்தார். ஒரு குண்டு பல்ப் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் தருகிற வெளிச்சத்துக்குப் பழைய பாபிலோனில் ஒரு கூலியாள் 40 மணித்தியாலத்துக்குக் குறையாமல் உழைக்க வேண்டும் என்று வந்தது. 1990களின் அமெரிக்கத் தொழிலாளிக்கு ஒரு செக்கன்கூடத் தேவையில்லை. ஆக, எண்ணெயை எரித்துப் படித்தான் என்றால் உழைத்த காசை எரித்துப் படித்தான் என்றே அர்த்தம். அந்தக் காசு இல்லாதவன் பொழுதுபட்டதும் புத்தகத்தை மூட வேண்டியதுதான்.

இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. 90களின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. அம்மா ஏ.எல். படித்தது ஜாம் போத்தல் விளக்கில். போத்தலுக்கு அடியில் பஞ்சை வைத்து, அது நனையக் கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு, ஒரு சின்னத் திரி. “காத்துக்கு நூராது, எண்ணெயும் கனக்கப் போகாது” என்று சொல்லுவா. லாம்பு கொளுத்தினால் ஒரு கிழமை எண்ணெய் இரண்டு நாளில் முடிந்துவிடுமாம். அதனால் மூன்று பிள்ளைகளும் ஒரே போத்தலைச் சுற்றி இருந்து படித்தார்கள். அம்மாவுக்கு இது மரபுத்தொடர் இல்லை, வீட்டுச் செலவு.

இன்றைக்கு ஆங்கிலத்தில் இந்தத் தொடர் எண்ணெயை மறந்துவிட்டது. ஆனாலும் எல்லா முழிப்புக்கும் இது பொருந்தாது. பகல் வேலை முடியாமல், ஒரு நோக்கத்தோடு இரவுக்குள் நீட்டிப் படிப்பது, எழுதுவது, வேலை செய்வதுதான் இது. நித்திரை வராமல் புரள்பவருக்கும், விடிய விடிய ஃபோன் பார்ப்பவருக்கும் சொல்ல முடியாது. இரவுக் கடமைக்குப் போகும் தாதிக்கும் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள், அவருக்கு அதுதான் வேலை நேரம். ‘மெழுகுதிரியை இரண்டு பக்கமும் கொளுத்துதல்’ என்ற தொடரோடும் நாங்கள் குழப்பிக்கொள்வோம். அது பிந்திப் படுத்து முந்தி எழும்பி உடம்பைத் தேய்ப்பது. அதில் எச்சரிக்கை இருக்கிறது, எண்ணெயில் பெரும்பாலும் பாராட்டுத்தான்.

இப்போது என் மொழிபெயர்ப்புக்குத் திரும்பி வருகிறேன். ஆங்கிலம் செலவை எண்ணெயில் எழுதியது. தமிழ் அதே செலவைக் கண்ணில் எழுதுகிறது. கண்விழித்தான், நித்திரை முழிச்சான் என்கிறோம். எண்ணெய் மலிந்தபோது ஆங்கிலத் தொடரில் இருந்த விலை காணாமல் போய்விட்டது. பரீட்சைக்கு முதல் நாள் விடுதியில் லைட் விடிய விடிய எரியும், அதன் பில்லை நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அடுத்த நாள் காலை வினாத்தாளுக்கு முன்னால் மூடுகிற கண் எங்களுடையதுதான். தமிழ்த் தொடரின் விலை இன்னும் இறங்கவில்லை. அந்தப் பயிற்சியில் எண்ணெய் எங்கேயும் தொலையவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.