தொடுபடம்: நிழற்படம் விரலுக்கும் குறைபார்வைக்கும் வந்த கதை

தொடுபடம் என்பது கண்ணால் பார்க்கும் படத்தை விரலால் படிக்கும்படி தாளில் மேடாக்கித் தரும் அச்சு. அதற்கு நெருங்கிய உறவு, குறைபார்வை உள்ளவர்களுக்காக விவரம் குறைத்து, கான்ட்ராஸ்டைக் கூட்டிச் செய்யும் படம். இரண்டுமே பெரும்பாலும் ஒரே நிழற்படத்திலிருந்துதான் பிறக்கின்றன. அதனால் ஒன்றைச் செய்துவிட்டால் மற்றதும் தானே கிடைத்துவிடும் என்று எண்ணத் தோன்றும். அப்படிக் கிடைப்பதில்லை. கண்ணுக்கு உதவுவது விரலைக் குழப்பும். விரலுக்கு உதவுவது கண்ணுக்குக் கூசும்.

பார்வையற்றோருக்கான அச்சு பாரிசில் தொடங்குகிறது. அங்கே பள்ளி நடத்திய வாலன்டின் ஆயுயி, 1786இல் மேடான எழுத்துகளில் ஒரு நூலையே அச்சிட்டார். படம் என்று வந்தபோது முதலில் கைகொடுத்தது நிலப்படம்தான். அது ஏற்கெனவே கோடுகளால் ஆனது; எல்லை, ஆறு, கடற்கரை எல்லாம் வரைந்தவரே முடிவுசெய்து வைத்தவை. பாஸ்டனில் சாமுவேல் கிரிட்லி ஹோவ் 1837இல் வெளியிட்ட அமெரிக்க நிலப்பட நூலில் கோடுகளும் எழுத்துகளும் கனத்த தாளில் புடைத்து நின்றன. பிரெயில் முறை அப்போது அமெரிக்காவில் வேரூன்றவில்லை என்பதால், அதிலுள்ள விளக்கங்களும் ரோமன் எழுத்தின் புடைப்பு வடிவத்தில்தான் இருக்கின்றன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்சாஸ் பகுதியின் இல்சாக் ஊரில் பார்வையற்றோர் பள்ளியை நடத்திய மார்ட்டின் குன்ஸ் அடுத்த அடியை வைத்தார். குழிவும் புடைப்புமாக ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே ஈரத்தாளை வைத்து அழுத்தி, நிலப்படங்களோடு செடிகொடி, விலங்குப் படங்களையும் பெருமளவில் செய்தார். அவை பல நாட்டுப் பள்ளிகளுக்குப் போயின. குன்ஸின் படங்கள் தட்டையான சிற்பம் போன்றவை: விலங்கின் வயிறு உப்பியிருக்கும், கால் பின்வாங்கியிருக்கும். அழகானவைதான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு செதுக்குவேலைக்காரர் தேவைப்பட்டார்.

நிழற்படத்தின் சிக்கல் வேறு வகையானது. அதில் கோடே கிடையாது. வெளிச்சமும் நிழலும்தான் உண்டு. ஒரு முகத்தின் பாதியில் நிழல் விழுந்தால், அந்த நிழலின் ஓரம் மூக்கின் ஓரத்தைவிடக் கூர்மையாகப் பதிவாகும். பார்ப்பவரின் மூளை நிழலை நிழலென்று ஒதுக்கிவிடும். விரல் அப்படி ஒதுக்காது. மேடாக எது வந்தாலும் அதை ஒரு பொருள் என்றே எடுத்துக்கொள்ளும்.

விரலுக்கு இன்னும் இரண்டு எல்லைகள் உண்டு. சுமார் 2 மில்லிமீட்டருக்குள் நெருங்கிவிட்ட இரண்டு புள்ளிகள் விரல்நுனிக்கு ஒன்றாகவே படும். பிரெயில் புள்ளிகள் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. அடுத்தது, கண் ஒரே பார்வையில் முழுப்படத்தையும் அள்ளும். விரல் ஒரு சென்டிமீட்டர் அகலத் துண்டுகளாக ஊர்ந்துபோய், நினைவில் ஒட்டிச் சேர்க்க வேண்டும். துண்டுகள் கூடக்கூடச் சேர்ப்பது கடினமாகும். ஆனால் வெளிக்கோடு என்ற உத்தி பார்வையற்றோருக்கு அந்நியமானது அல்ல. டொராண்டோ பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் கென்னடி, கோடு ஒரு பொருளின் விளிம்பைக் குறிக்கும் என்பதைப் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களும் புரிந்துகொள்கிறார்கள், அவர்களே அப்படி வரையவும் செய்கிறார்கள் என்று பல ஆண்டு ஆய்வில் காட்டினார்.

செதுக்குபவர் இல்லாமலே தொடுபடம் செய்யும் வழி 1980களில் ஜப்பானிலிருந்து வந்த உப்பும் தாளோடு பரவியது. இந்தத் தாளின் ஒரு பக்கத்தில், வெப்பம் பட்டால் விரியும் நுண்ணிய உறைகள் பூசப்பட்டிருக்கும். கரி கலந்த கறுப்பு மையால் அந்தப் பக்கத்தில் படத்தை அச்சிட்டு, அகச்சிவப்பு விளக்குள்ள சிறு இயந்திரத்தில் செலுத்தினால், கறுப்பு மட்டும் வெப்பத்தை உறிஞ்சி அங்கே தாள் உப்பும். வெள்ளை இடம் அப்படியே கிடக்கும். வேலை சில நொடிகளில் முடியும். வெப்பம் குறைந்தால் கோடு எழாது. கூடினால் வெள்ளை இடமும் லேசாக உப்பி, விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரியும். கரி இல்லாத வண்ண மையால் அச்சிட்ட கோடுகள் சரிவர எழுவதில்லை. எப்போதும் முதலில் ஒரு சிறு துண்டை ஓட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

இதற்குப் போட்டியாக வந்தது புள்ளியச்சு இயந்திரம். 1988இல் பார்வை இழந்த ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜான் கார்ட்னர், வரைபடங்களைத் தானே படிக்க வழி தேடி, டைகர் என்ற அச்சு இயந்திரத்தை உருவாக்கினார். அங்குலத்துக்கு 20 புள்ளி வீதம், வெவ்வேறு உயரங்களில் அது குத்தும். இருட்டான இடத்துக்கு உயரமான புள்ளி, வெளிறிய இடத்துக்குத் தாழ்ந்த புள்ளி என்று நிழற்படத்தை நேரடியாகவே அனுப்பலாம் என்பது இதன் கவர்ச்சி. கணித வரைபடத்துக்கு இது பிரமாதம். குடும்பப் படத்தை அனுப்பினால் வருவது புள்ளிக்காடு.

குறைபார்வைக்கான படத்தின் கிளை தனியாக வளர்ந்தது. 1960களின் இறுதியில், அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் கணிதவியலாளராக இருந்த, மிகக் குறைந்த பார்வையே உள்ள சாமுவேல் ஜெனன்ஸ்கி, கேமராவையும் தொலைக்காட்சித் திரையையும் இணைத்து அச்சுப் பக்கத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் கருவியைத் தன் கூட்டாளிகளோடு உருவாக்கினார். பெரிதாக்குவதோடு கான்ட்ராஸ்டைக் கூட்டுவதும் கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்குவதும் இத்தகைய கருவிகளின் அடிப்படை வசதிகளாயின. 1984இல் எலி பெலி, கணினி வழியே படத்தின் கான்ட்ராஸ்டை இடத்துக்கு இடம் மாற்றிக் குறைபார்வைக்கு ஏற்றதாக்கும் முறையை வெளியிட்டார். முழுப்படத்துக்கும் ஒரே அளவில் கூட்டினால் வெளிச்சமான பகுதி வெளுத்துப் போகும், இருண்ட பகுதி அப்பிக்கொள்ளும் என்பதே அதன் பின்னுள்ள காரணம். ஒரு எச்சரிக்கையும் உண்டு: மையப்பார்வை போனவருக்குப் பெரிய படம் உதவும்; குழாய்ப் பார்வை மட்டும் மிஞ்சியவருக்கு அதே பெரிய படம் பார்வை வட்டத்துக்கு வெளியே வழிந்துவிடும்.

இரண்டு கிளைகளும் எங்கே பிரிகின்றன என்பதை ஒரே படத்தில் காணலாம். 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 விண்கலத்திலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ், நிலவின் விளிம்புக்கு அப்பால் பூமி தெரிவதை 250 மில்லிமீட்டர் லென்ஸால் எடுத்தார். கறுத்த வானம், சாம்பல் நிலம், பாதிக்கு மேல் ஒளிர்ந்து மீதி இருளில் கரைந்த நீலப் பூமி. பார்வைக்கு இதைவிட எளிய படம் அமைவது அரிது.

இதை அப்படியே கறுப்பு வெள்ளையாக்கி உப்பும் தாளில் ஓட்டினால் வானம் முழுவதும் கறுப்பு, ஆகவே வானம் முழுவதும் உப்பும். தாள் நெளியும், பெரிய கறுப்புப் பரப்பு சமமாக எழாமல் ஓரம் ஒரு மாதிரியும் நடு ஒரு மாதிரியும் நிற்கும். பூமி அந்த மெத்தையில் ஒரு பள்ளமாகிவிடும். வெற்றிடம் மேடு, பொருள் பள்ளம் என்று உலகம் தலைகீழாகும்.

எனவே விரலுக்கான படத்தை வேறு அடுக்கில் புதிதாக வரைய வேண்டும். வானம் வெறும் தாள். நிலவின் விளிம்புக்கு ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு கோடு, அதன் கீழே ஒரே சீரான புள்ளி நிரப்பு. பள்ளங்களையும் மேடுகளையும் ஒவ்வொன்றாக வரைவது வீண்; கரடுமுரடு என்பதைப் புள்ளிகளே சொல்லிவிடும். நிரப்புக்கும் கோட்டுக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் வெறுமை விட வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு புள்ளிகளோடு ஒட்டிக் கரையும். முழுச் சட்டகத்தையும் 20 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டால் பூமியின் குறுக்களவு சுமார் 3 சென்டிமீட்டர்தான் வரும். அதற்குள் மேகமோ கண்டமோ அடங்காது. பூமியை மட்டும் பெரிதாக்கினால் நிலவுக்கும் அதற்கும் உள்ள அளவு உறவு பொய்யாகும். ஆகவே வெளிக்கோடு மட்டும், உள்ளே எதுவும் இல்லை. மேகச் சுழல்களை விளக்கவுரையில் சொல்லலாம், வேண்டுமென்றால் தனிப்பக்கத்தில் பெரிதாகவும் தரலாம்.

இருளில் மறைந்த பகுதியை என்ன செய்வது என்பதில்தான் வரைபவரின் தீர்ப்பு வருகிறது. படத்தில் தெரிவதை மட்டும் வரைந்தால், கடித்துத் தின்ற தோசை போன்ற வடிவமே விரலுக்குக் கிடைக்கும். முழு வட்டமாக வரைந்தால் படத்தில் இல்லாததைச் சொன்னதாகும். ஒளிரும் பகுதியை முழுக்கோட்டாலும் மறைந்த ஓரத்தை விட்டுவிட்டு வரும் சிறு கோடுகளாலும் வரைந்து, குறிப்பில் அதை விளக்குவது நேர்மையான நடுவழி.

பிரெயில் குறிப்புகளை எல்லா அளவும் முடிந்தபிறகே சேர்க்க வேண்டும். படத்தோடு சேர்த்து எழுத்தையும் சுருக்கினாலோ நீட்டினாலோ புள்ளி இடைவெளி மாறி, படிக்க முடியாமல் போகும்.

குறைபார்வைக்கான படமோ கறுப்பு வானத்தை விடவே கூடாது. வெள்ளைத் தாளின் கூச்சம் பலருக்குத் தொல்லை. இங்கே இயற்கையே இருண்ட பின்புலத்தைத் தந்திருக்கிறது. வேலை நிலவில்தான். சாம்பல் நிலத்தை வெளிற வைத்து வானத்திலிருந்து தெளிவாகப் பிரிக்க வேண்டும், நிலத்தின் நுண்விவரங்களை மங்கலாக்கி ஒரே பரப்பாக்க வேண்டும். பூமியின் நீலத்துக்கும் மேகத்தின் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டி, மேகங்களை மூன்று நான்கு பெரிய திட்டுகளாக்கினால் போதும். முடிந்ததும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. நிறம் போன பிறகும் மூன்று பகுதிகளும் பிரிந்து நின்றால், கான்ட்ராஸ்ட் ஒளியளவில் இருக்கிறது என்று பொருள். நிறத்தால் மட்டும் பிரிந்திருந்தால் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும்.

இந்த முடிவுகளைக் கணினியே எடுக்குமா? டெலவேர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வேயும் கென்னத் பார்னரும் 1997இல் நிழற்படத்தைத் தானாகவே தொடுபடமாக்கும் முறையை வெளியிட்டார்கள். படத்தை மழுக்கி, விளிம்புகளைக் கண்டறிந்து, சிறு துணுக்குகளை நீக்கி, உப்பும் தாளில் எடுப்பது அதன் சாரம். தனித்து நிற்கும் ஒரு பொருளுக்கு இத்தகைய வழி பலன் தரும். ஆண்டர்ஸின் படத்தில் விளிம்பு தேடும் நிரல், நிலவின் ஒவ்வொரு பள்ளத்தையும் கோடாக்கும். பூமியின் இருண்ட ஓரத்தைத் தவறவிடும்.

வானியல் படங்களைத் தொடுபடமாக்கியதில் மறக்கக் கூடாத பெயர் நோரீன் கிரைஸ். 1984இல் பாஸ்டனின் ஹேடன் கோளரங்கில் அவர் பயிற்சியாளராக இருந்தபோது, பார்வையற்ற மாணவர்கள் காட்சி பார்க்க வந்தார்கள். எப்படி இருந்தது என்று கேட்டவருக்கு, மோசம் என்ற பதில் தயங்காமல் வந்தது. அதிலிருந்து தொடங்கிய முயற்சி, 2002இல் ஹபிள் தொலைநோக்கிப் படங்களைக் கொண்ட பிரெயில் நூலாக நாசாவின் ஆதரவில் வெளிவந்தது. வண்ணப் படத்தின் மேலேயே புடைப்பு இருந்ததால், பார்க்கிறவரும் தொடுகிறவரும் ஒரே பக்கத்தைப் பகிரலாம். முன்வரைவுகள் கொலராடோ மாநிலப் பார்வையற்றோர் பள்ளி மாணவர்களின் கைக்குப் போய், அவர்கள் சொன்ன திருத்தங்களோடு திரும்பி வந்தன. இந்தப் படியை விட்டுவிட்ட தொடுபடங்களை எளிதில் அடையாளம் காணலாம்: கண்ணுக்கு அழகாக இருக்கும், விரல் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அலையும்.

இந்தியாவில் டெல்லி ஐஐடியிலிருந்து பிறந்த ரெய்ஸ்டு லைன்ஸ் அறக்கட்டளை பாடநூல் படங்களைத் தொடுபடங்களாக்கித் தருகிறது. பதிப்புரிமை அனுமதி பற்றிய கவலைக்கும் பெரும்பாலும் விடை உண்டு. பார்வையற்றோருக்கான பதிப்புகளுக்கு அந்த உரிமையில் விலக்கு தர 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. அது நடந்தது 2014இல். நூலின் எழுத்தோடு, அதைச் சேர்ந்த படங்களும் அந்த உடன்படிக்கைக்குள் வருகின்றன.