பழைய காரின் மீட்டர் குறைப்பைக் கண்டறிதல்

மீட்டர் குறைப்பு என்பது, கார் ஓடிய மொத்தத் தூரத்தை ஓடோமீட்டரில் குறைத்துக் காட்டி அதிக விலைக்கு விற்கும் மோசடி. எண்சக்கரம் உள்ள பழைய மீட்டரில் கைவைத்தால் எண்கள் வரிசை பிசகி நிற்பதுண்டு. டிஜிட்டல் மீட்டரில் அந்தத் தடயமும் இருக்காது. அதன் நினைவகத்தில் உள்ள எண்ணையே மாற்றிவிடுகிறார்கள். ஆகவே, மீட்டர் காட்டும் எண் சர்வீஸ் பதிவுகளோடு பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கார் சர்வீசுக்கு வரும்போது ஜாப் கார்டில் தேதியும் கிலோமீட்டரும் பதிவாகும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் இது கணினியிலும் ஏறிவிடும். உரிமையாளர் மூலமாக, பதிவு எண்ணைக் கொடுத்து அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குவது நல்லது. விற்பவர் நீட்டும் சர்வீஸ் புத்தகத்தைவிட இதை அதிகம் நம்பலாம். பல ஆண்டுப் பதிவுகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், 10,000, 20,000 என முழு எண்களாகவே இருந்தால், புத்தகத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்திருக்க வாய்ப்பு உண்டு.

எடுத்துக்காட்டாக, 2017 மார்ச்சில் வாங்கிய ஒரு டீசல் கார் 2024 மார்ச்சில் விற்பனைக்கு வருகிறது என்று கொள்வோம். மீட்டரில் 61,000 கி.மீ. பட்டியலில் 2018-இல் 15,200, 2019-இல் 30,400, 2020-இல் 45,100, ஊரடங்கு கண்ட ஓராண்டுக்குப் பின் 2021 மார்ச்சில் 54,000. அதன்பின் பதிவே இல்லை. ஆண்டுக்குச் சுமார் 15,000 ஓடிய கார், கடைசி மூன்று ஆண்டுகளில் மொத்தமே 7,000 தான் ஓடியதா? இங்கே டயரைப் பார்க்க வேண்டும். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரத்தில் தயாரானது. அதாவது, கடைசிப் பதிவுக்குப் பிறகு மாட்டியது. நான்கு டயர்களிலும் இதே எண் இருந்து, நான்கும் தேய்மானக் குறிவரை சீராகத் தேய்ந்திருந்தால், 7,000 கி.மீ.யில் அது நடக்காது. 40,000 கி.மீ. ஓடிய டயர்தான் அப்படி இருக்கும். பழைய வேகத்தில் மூன்று ஆண்டுகளைக் கணக்கிட்டாலும் 45,000 வருகிறது. இரு கணக்கும் ஒத்துப்போவதால், அந்தக் கார் ஒரு லட்சத்தை நெருங்கியிருக்கும் என்று கொள்ளலாம்.

முரண்பாடெல்லாம் மோசடி ஆகிவிடாது. ஒரு பதிவு மட்டும் பிசகி, அடுத்தது பழைய வரிசைக்கே திரும்பினால், தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். பழுதான மீட்டரை முறையாக மாற்றியிருந்தால், பழைய எண்ணைக் குறித்த பில் இருக்கும், அதைக் கேளுங்கள். வீட்டிலிருந்தே வேலை பார்த்தவரின் கார் உண்மையிலேயே குறைவாக ஓடியிருக்கலாம். ஆனால் அப்படி ஓடிய காரின் டயர் தேய்ந்திருக்காது.

ஓட்டம் குறைத்துக் காட்டப்பட்ட காரில், மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் மாற்றாமலே கிடக்கலாம். ஓடும்போது அது அறுந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் வால்வுகள் வளைந்துவிடும். ஓடிய தூரத்தை உறுதிசெய்ய முடியாத காரில் டைமிங் பெல்ட் இருந்தால், அதை மாற்றும் செலவையும் கழித்தே விலை பேசுங்கள்.