சுன்னி ஈரான்: ஓர் இரங்கல்

நம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள் உயர்வாகப் போற்றும் இமாம் கஸ்ஸாலி, ஈரானின் தூஸ் நகரத்துக்காரர். ஹதீஸ் தொகுத்த இமாம் முஸ்லிம் நிஷாப்பூரைச் சேர்ந்தவர். இப்னு மாஜாவின் ஊர் கஸ்வீன். இவர்களைப் பெற்ற சுன்னி ஈரான் இன்று இல்லை. அது ஒரே நாளில் சாகவில்லை. ஆனால் நோய் தொடங்கிய இடமும் ஆண்டும் தெரியும்: தப்ரீஸ், 1501.

அந்த ஆண்டு தப்ரீஸைப் பிடித்த ஷா இஸ்மாயிலுக்குப் பதினான்கு வயது. அவருடைய சஃபவி குடும்பம் அர்தபீலில் ஒரு சூஃபி தரீக்காவை நடத்திவந்தது. அதை நிறுவிய ஷைகு சஃபியுத்தீன் ஒரு சுன்னி என்பது இந்தக் கதையின் பெரிய சோகம். பன்னிரு இமாம்களின் ஷியா நெறியே இனி நாட்டின் மார்க்கம் என்று இஸ்மாயில் அறிவிக்கப் புறப்பட்டபோது, ஊரில் மூன்றில் இரண்டு பங்கு சுன்னிகள், மக்கள் கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்று உடனிருந்தவர்களே அஞ்சினார்களாம். ஜும்ஆவில் தொழ வந்தவர்களுக்கு நடுவே செந்தொப்பி அணிந்த கிஸில்பாஷ் வீரர்கள் வாளோடு நிற்க, குத்பா பன்னிரு இமாம்களின் பெயரால் ஓதப்பட்டது என்று பின்னாளில் எழுதிய வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பாங்கில் அலியின் பெயர் சேர்ந்தது. முதல் மூன்று கலீஃபாக்களைத் தெருவில் சபித்துக்கொண்டு போவதற்கென்றே ஒரு கூட்டம் அமர்த்தப்பட்டது. கேட்டவர்கள் கூடச் சேர்ந்து சொல்ல வேண்டும். வாய் திறக்காதவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. 1510இல் ஹெராத் விழுந்தபோது, அங்கே ஷைகுல் இஸ்லாமாக இருந்த முதிய ஆலிம் தஃப்தாஸானி கொல்லப்பட்டார். ஃபழ்லுல்லாஹ் குன்ஜி போன்றவர்கள் உஸ்பெக்குகளிடம் ஓடித் தப்பினார்கள்.

ஆனால் வாள் வாயைத்தான் மூடும். புதிய மார்க்கத்தைப் போதிக்கத் தப்ரீஸில் நூல்கூடக் கிடைக்கவில்லை. ஒரு காஜியின் நூலகத்தில் அல்லாமா ஹில்லியின் சட்டநூலில் ஒரு பாகம் மட்டும் அகப்பட்டது, அதை வைத்துத்தான் பாடம் நடந்தது என்று ஹசன் ரூம்லூ எழுதுகிறார். எழுதியவர் சஃபவி தரப்பு ஆள் என்பதால் இதை எதிரியின் ஏளனம் என்று தள்ளிவிட முடியாது. அன்று ஈரானில் ஷியா ஊர்கள் இல்லாமல் இல்லை. கும், காஷான் போன்றவை நெடுங்காலமாக அந்த நெறியில் நின்றவை. ஒரு தேசத்துக்கே காஜிகளையும் ஆசிரியர்களையும் தர அவை போதவில்லை.

அதனால் லெபனான் பக்கமிருந்து அரபு ஷியா ஆலிம்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்களில் தலையாயவர் அலீ அல்-கரகீ. இஸ்மாயிலின் மகன் தஹ்மாஸ்ப் 1530களின் தொடக்கத்தில் ஓர் ஆணை பிறப்பித்து, மறைந்திருக்கும் இமாமின் பிரதிநிதியாக அவரை ஏற்றார். ஊர் ஊராகத் தொழுகை நடத்துநர்கள் போனார்கள். பள்ளிவாசல்களின் கிப்லா திசை தவறு, திருத்த வேண்டும் என்று கரகீ சொன்னபோது, வானியல் அறிந்த பாரசீக அறிஞர் கியாஸுத்தீன் மன்சூர் எதிர்த்தார். அவர் அப்போது ஸத்ர், அதாவது வக்ஃபுகளையும் மார்க்கப் பதவிகளையும் மேற்பார்க்கும் அதிகாரி. பதவி போனது அவருக்குத்தான்.

என் கணிப்பில், சுன்னி ஈரானைக் கொன்றது இந்த ஸத்ர் அலுவலகம். அது சஃபவிகளின் கண்டுபிடிப்பு அல்ல. தைமூரியர் காலத்திலிருந்தே உண்டு. வக்ஃபு நிலத்தின் வருமானம் எந்த மதரஸாவுக்கு, எவர் ஊருக்குக் காஜி என்பதெல்லாம் அதன் கையில் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் காஜிகளாகவும் கணக்கர்களாகவும் இருந்த பாரசீகக் குடும்பங்கள் பல, மார்க்கத்தை மாற்றிக்கொண்டு பதவியைக் காத்துக்கொண்டன. பாட்டன் பயந்து சொன்னதைப் பேரன் மதரஸாவில் படித்து மனதார நம்பினான்.

ஒருமுறை மூச்சு திரும்பியது. 1576இல் அரியணை ஏறிய இரண்டாம் இஸ்மாயில், இப்னு மாஜாவின் கஸ்வீனிலேயே, தன் தலைநகரில், கலீஃபாக்களைச் சபிப்பதைத் தடுத்தார். சுன்னி மனம் கொண்ட மிர்ஸா மக்தூம் ஷரீஃபீ அவருக்கு அருகில் இருந்தார். கிஸில்பாஷ் தலைவர்கள் பொறுக்கவில்லை. மிர்ஸா மக்தூம் சிறைப்பட்டார். மறு ஆண்டே மன்னர் மர்மமாக இறந்தார். விடுபட்ட மிர்ஸா மக்தூம் உஸ்மானியரிடம் போய்ச் சேர்ந்தார்.

அதன்பின் சஃபவி அரியணையிலிருந்து அப்படியொரு முயற்சி எழவில்லை. முதலாம் ஷா அப்பாஸ் கிஸில்பாஷ்களின் பலத்தைக் குறைத்தார். அவர்கள் கையிலிருந்த மாகாணங்கள் சிலவற்றை நேரடியாக அரண்மனைக் கணக்கில் சேர்த்தார். தன் சொத்துகளை நபியும் ஃபாத்திமாவும் பன்னிரு இமாம்களுமான 14 மாசற்றவர்கள் பெயரில் வக்ஃபு செய்தார். 1687இல் இஸ்ஃபஹானின் ஷைகுல் இஸ்லாமான முஹம்மது பாகிர் மஜ்லிஸி, சாமானியர் படிக்கும்படி பாரசீகத்தில் எழுதித் தள்ளினார். ஒற்றை நூலை வைத்துப் பாடம் நடத்திய நாடு அது என்று அப்போது யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மறைந்ததன் உறவினர்கள் இன்னும் ஈரானின் ஓரங்களில் இருக்கிறார்கள். பலூச்சிகள், குர்துகளில் பலர், துருக்மென்கள், தெற்கே லாரிஸ்தானில் சில ஊர்கள். லாரிஸ்தானில் இன்றும் ஷாஃபி மத்ஹப்படி தொழுகிறார்கள், கஸ்ஸாலி தொழுததைப் போல, நம் காயல்பட்டினத்தில் தொழுவதைப் போல.