தேக்கத்திலிருந்து திரும்பலுக்கு: தாம்பரம் வட்டாரத்தில் டி-ஷர்ட் அச்சின் நட்டம் இடம் மாறிய கதை

தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஆயத்த ஆடை ஆலைகளும் இயங்கின. அங்கே உற்பத்தி என்றால் மொத்த ஆர்டர்தான். வெளியே, கல்லூரி விழாக்களுக்கு டி-ஷர்ட் அடித்துத் தந்த ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைகளும் அதே விதிக்குக் கட்டுப்பட்டவையே. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சட்டம் வேண்டும். அதில் ரசாயனம் பூசி, ஒளி காட்டி, கழுவி எடுக்க வேண்டும். நான்கு நிறப் படம் ஒன்றை ஒரே சட்டைக்கு அச்சிட்டாலும் நூறு சட்டைக்கு அச்சிட்டாலும் இந்த ஆயத்த வேலை மாறாது. அதனால் பட்டறைக்காரர் குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்டார். வடிவமைப்பாளரோ எந்த அளவு விற்கும் என்று தெரியாமலே பணம் போட்டார். எக்ஸ்எல் தீர்ந்து எஸ் மிஞ்சியது. அக்காலத்து நட்டம் அலமாரியில் தேங்கியது.

அமெரிக்காவில் 1999இல் கேஃபேபிரஸ் தொடங்கிய தேவைக்கேற்ற அச்சு முறை இதைக் கவிழ்த்தது. துணியின் மீதே மை தெளிக்கும் டிடிஜி இயந்திரங்கள் 2000களின் நடுவில் பரவின. சட்டம் தேவையில்லாததால் ஒற்றைச் சட்டையும் கட்டுபடியாயிற்று. இன்று திருப்பூரின் கிகிங்க், சென்னையின் பிரிண்ட்ரோவ் போன்ற நிறுவனங்கள் ஆர்டர் வந்த பிறகே அச்சிட்டு, விற்பவரின் பெயரிலேயே அனுப்புகின்றன. சேலையூரில் ஒரு அறையிலிருந்து கடை நடத்துபவர் சட்டையைக் கையால் தொடுவதே இல்லை. எனினும் நட்டம் ஒழிந்துவிட்டதாகக் கொள்வது தவறு. அலமாரியை விட்டு அது கூரியர் பைக்குள் போனது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஓர் உத்தேசக் கணக்கு இதைத் தெளிவாக்கும். வரி உள்பட 599 ரூபாய்க்கு ஒரு சட்டை விற்கிறது. அதில் 5 சதவீத ஜிஎஸ்டி ஏறக்குறைய 29 ரூபாய். சட்டைக்கும் அச்சுக்கும் 280, கூரியருக்கு 80, பணம் பெறும் கட்டணம் 15, அந்த ஆர்டரைப் பிடிக்கச் செலவான விளம்பரம் 100. மிச்சம் 95 ரூபாய். இதே சட்டை கேஷ் ஆன் டெலிவரியில் போய், வாங்க ஆளில்லாமல் திரும்பினால், 280, போக 80, வர 80, விளம்பரம் 100 என 540 ரூபாய் போகிறது. நூறு ஆர்டரில் 85 நின்றால் லாபம் 8,075. திரும்பிய 15இன் நட்டம் 8,100. லாபவிகிதத்தைத் தீர்மானிப்பது விலையைவிடத் திரும்பும் விகிதமே. ஆகவே அனுப்புமுன் போனில் உறுதி செய்வதும், கூரியர் செலவையேனும் முன்பணமாக வாங்குவதும் தொழிலின் உயிர்நாடி. அதே படத்துக்கு அதே அளவில் அடுத்த ஆர்டர் வந்தால் மட்டுமே திரும்பிய சட்டை மீண்டும் காசாகும்.

கதவருகே மறுக்கப்படுவது ஒரு வகை. பிரித்துப் பார்த்தபின் வரும் புகார் வேறு. பின்னதன் வேர் பெரும்பாலும் மாக்கப்பில் இருக்கிறது. மாக்கப் என்பது வெற்றுச் சட்டையின் படத்தில் வடிவத்தை ஒட்டிக் காட்டும் காட்சி மட்டுமே. திரையின் ஒளிரும் நீலமும் பச்சையும் மையில் மங்கும். கறுப்புத் துணியில் முதலில் வெள்ளை அடித்தளம் விழுவதால், படத்தில் பாதி ஒளிபுகும் நிழல்கள் வெண்திட்டாகத் தெரியும். மாக்கப்பில் மார்பை நிறைக்கும் படம், அச்சளவு மாறாவிட்டால் டபுள் எக்ஸ்எல்லில் சிறுத்துப்போகும். தமிழ் வாசகங்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு: தமிழ் எழுத்தமைப்பு இயக்கப்படாத மென்பொருளில் கொம்பும் காலும் இடம் பெயரும். எழுத்தை உருவரையாக மாற்றி, பின்னணியில்லாத PNG கோப்பாக, 15 அங்குல அகலத்துக்கு 4,500 பிக்சல் வைத்து அனுப்புவது பாதுகாப்பு. மாதிரிச் சட்டை ஒன்றை வாங்கித் துவைத்துப் பார்த்து, அதையே படமெடுத்துப் போடுவது அதைவிட நல்லது.

மாக்கப்பும் சட்டையும் வேறுபடுவது சட்டப் பிரச்சினையும்கூட. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள அல்லது விளம்பரத்தில் காட்டியதுபோல் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. "ஆர்டரின் பேரில் அச்சிட்டது, திரும்ப எடுக்கமாட்டோம்" என்ற வாசகம் இங்கே காக்காது. அச்சுப் பிழையின் செலவை அச்சகம் ஏற்பது வழக்கம். அளவு தவறாகத் தேர்ந்ததன் செலவு விற்பவரின் தலையில் விழும். மார்புச் சுற்றளவை அங்குலத்தில் தரும் அட்டவணையைக் கடைக்காரர்கள் விலைக்கு அருகிலேயே வைக்க வேண்டும் என்பேன்.

பழைய முறை மறைந்துவிடவில்லை. 2020 செப்டம்பரில் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரிஷும் அணிந்த "இந்தி தெரியாது போடா" வரிசை டி-ஷர்ட்டுகள் பரவியபோது திருப்பூருக்கு ஆர்டர்கள் குவிந்தன. ஒரே வாசகம் மொத்தமாக வேண்டுமென்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்கே மலிவு. எனவே ஒரு படம் மாதந்தோறும் நிலையாக விற்கத் தொடங்கியதும், விற்பனைப் பதிவில் அதிகம் போகும் அளவுகளைப் பார்த்து அவற்றை மட்டும் பட்டறையில் அடித்துவைப்பது சரியான வழி. மற்ற அளவுகளும் புதுப் படங்களும் டிடிஜியிலேயே தொடரலாம்.