தன்னுறுதி

தன்னுறுதி என்பது, ஒருவர் தம்முடைய தேவையையும் அபிப்பிராயத்தையும் மறுப்பையும், கேட்பவருடைய கௌரவத்துக்குக் குறைவு நேராதபடியும் பொருளில் ஐயத்துக்கு இடமில்லாதபடியும், நேராக எடுத்துச் சொல்லும் பழக்கமாகும். அடங்கிப் போதல், தாக்கிப் பேசுதல் என்னும் வேறிரண்டு போக்குகளோடு ஒப்பிட்டே இதை விளக்குவது வழக்கம். அடங்குவதில் பாதியும் தாக்குவதில் பாதியும் கலந்து செய்த நடுத்தரமே தன்னுறுதி என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. அடங்கிப் போகிறவர் தம்முடைய நியாயத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தாக்குகிறவர் எதிரிலிருப்பவருடைய நியாயத்தைச் சேர்ப்பதில்லை. தன்னுறுதியோடு பேசுகிறவர் இரண்டையும் சேர்க்கிறார். ஆகையால் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய முடியாது. “விடுங்க, உங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்பதைப் புன்சிரிப்போடு மெல்லச் சொன்னாலும் அது தாக்குதல்தான்.

இந்தக் கருத்து முதலில் சிகிச்சைக் கூடத்தில் பிறந்தது. 1949-இல் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஆண்ட்ரூ சால்ட்டர், உணர்ச்சிகளை அடக்கி அடக்கியே நோயுற்றவர்களுக்கு அவற்றை வெளிப்படையாகச் சொல்லப் பயிற்சி அளிப்பது பற்றி எழுதினார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த மருத்துவர் ஜோசப் வோல்ப்பே 1958-இல் வெளியிட்ட நூலில், மனத்தில் உள்ளதை உறுதியோடு சொல்லும் செயலும் அச்சமும் ஒரே சமயத்தில் ஒரு மனிதரிடம் நிலைத்திருக்க மாட்டா என்னும் அடிப்படையில் அதை அச்சத்துக்குச் சிகிச்சையாகவே பிரயோகித்தார். 1970-இல் ராபர்ட் ஆல்பெர்ட்டியும் மைக்கேல் எம்மன்ஸும் பொதுமக்களுக்காக எழுதிய நூலுக்குப் பிறகு இது நோயாளிகளை விட்டு உத்தியோக சாலைகளுக்குள் நுழைந்தது. 1976-இல் ஷாரன் பவர், கார்டன் பவர் தம்பதியர் உறுதியான பேச்சுக்கு நான்கு உறுப்புகளை வகுத்தார்கள்: நடந்ததை உள்ளபடி சொல்லுதல், அது தம்மை எப்படிப் பாதிக்கிறது என்று சொல்லுதல், வேண்டுவதைக் குறித்துச் சொல்லுதல், அதனால் விளையக்கூடியதைச் சொல்லுதல்.

இந்நான்கும் ஒரு பேச்சில் எவ்வாறு அமைகின்றன என்பதை ஒரு சந்தர்ப்பத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் குமாஸ்தா ஒருவர், வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு மேசையை ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறார். தாயாரை ஏழு மணிக்கு டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அந்த வேளையில் மேலாளர் வந்து, மறுநாள் காலைக்குள் ஸ்டாக் ரிப்போர்ட் வேண்டும் என்கிறார். அந்த மாதத்தில் இப்படி நேர்வது மூன்றாம் முறை.

“சரி சார், பாக்கறேன்” என்பது அடங்கிய பதில். ‘பாக்கறேன்’ என்னும் இந்தச் சொல்லை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். சொல்லுகிறவர் மனத்தில் அது பெரும்பாலும் மறுப்பு. கேட்கிறவர் செவியில் அது சம்மதம். மறுநாள் காலையில் ரிப்போர்ட் வராதபோது மேலாளருக்கு வருகிற கோபம் அநியாயமான கோபமும் அன்று. அவரிடம் எவரும் முடியாது என்று சொல்லவே இல்லை. “எப்பவும் என் தலையிலதான் கட்டுவீங்களா? மத்தவங்கெல்லாம் இங்க என்ன பண்றாங்க?” என்பது தாக்கும் பதில். தன்னுறுதியான பதில் இவ்வாறு இருக்கும்: “சார், இந்த மாசம் மூணாவது தடவையா அஞ்சு மணிக்கு மேல வேலை வருது. இன்னைக்கு அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், அதனால என்னால இருக்க முடியாது. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கே வந்து பதினொரு மணிக்குள்ள முடிச்சுத் தரேன். இனிமே மத்தியானமே சொல்லிட்டீங்கன்னா அன்னைக்கே முடிச்சுடலாம்.”

இவ்விரு பதில்களையும் அருகருகே வைத்தால், தாக்குதலைத் தாக்குதலாக்குவது ‘எப்பவும்’ என்ற ஒரு சொல் என்பது தெரியவரும். ‘எப்பவும்’ என்பதை ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டி மேலாளர் பொய்யாக்கிவிடலாம். அதன்பின் தர்க்கம் ரிப்போர்ட்டை விட்டு விலகி, யார் சோம்பேறி என்பதில் போய் முடியும். ‘மூணாவது தடவை’ என்பதோ எண்ணிப் பார்க்கக்கூடிய சங்கதி, அதில் வழக்கில்லை. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. குமாஸ்தா ஒரே காரணத்தைச் சொன்னார். தலைவலி, கடைசி பஸ், மழை என்று காரணங்களை அடுக்குகிறவர் தமக்கு வலுச் சேர்ப்பதாக எண்ணுகிறார். உண்மையில் மேலாளர் ஒவ்வொன்றாகப் பரிகாரம் சொல்லி அகற்றிவிடுவதற்கு வழி செய்து கொடுக்கிறார்.

மேலாளர் உடனே இணங்கிவிடுவார் என்பதற்கு நிச்சயமில்லை. “ஒரு மணி நேரம்தானே, இருந்து முடிச்சுட்டுப் போயேன்” என்று அவர் நிர்ப்பந்திக்கலாம். 1975-இல் மானுவேல் ஸ்மித் எழுதிய நூல், இத்தகைய சமயத்தில் புதிய காரணம் தேடாமல், குரலை உயர்த்தாமல், சொன்னதையே திரும்பச் சொல்லும் முறையைப் பிரபலமாக்கிற்று. “அவசரம்னு புரியுது சார். இன்னைக்கு என்னால இருக்க முடியாது. நாளைக்குப் பதினொரு மணிக்குள்ள உங்க மேசைல இருக்கும்.” முதல் வாக்கியம் மேலாளருடைய நியாயத்தை ஒப்புக்கொள்கிறது, இரண்டாவது தம் நிலையை மாற்றாமல் வைக்கிறது, மூன்றாவது வேலையைக் கைவிடவில்லை என்று காட்டுகிறது. மும்முறைக்கு மேல் இதையே சொன்னால் பிடிவாதமாகத் தோன்றும், அப்பொழுது அதிகாரியிடமே முடிவைக் கேட்பது நலம்: “நாளைக்குக் காலைல நான் எடுத்து வெச்ச பேங்க் வேலையைத் தள்ளி வெச்சுட்டு இதை முதல்ல பண்ணட்டுமா சார்?”

மரியாதைச் சொற்கள் உறுதியைக் குறைத்துவிடுமோ என்ற ஐயம், மேனாட்டு நூல்களைப் படிக்கிற நம்மவர்க்கு இயல்பாகவே எழுகிறது. என் அபிப்பிராயத்தில் தமிழில் அந்த அபாயம் இல்லை. நம் மொழியில் மரியாதை, விளியிலும் வினைமுற்றின் விகுதியிலும் தங்கிவிடுகிறது. சொல்லவந்த பொருள் எவ்வளவு கண்டிப்பாக வேண்டுமானாலும் இருக்க இடமுண்டு. “முடியாதுங்க” என்பதில் மறுப்பும் முழுமையாக இருக்கிறது, மரியாதையும் முழுமையாக இருக்கிறது. உறுதியைக் கெடுப்பவை வேறு: “தப்பா நினைச்சுக்காதீங்க”, “ஒண்ணுமில்ல, சும்மா ஒரு விஷயம்”, “உங்களுக்கு முடிஞ்சா” போன்ற முன்னுரைகள். சும்மா ஒரு விஷயம் என்று தொடங்கியதைக் கேட்பவர் சும்மா ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வார்.

சகாக்களிடையே நேரும் சில்லறைச் சந்தர்ப்பங்களுக்கு இத்தனை ஆயத்தம் வேண்டுவதில்லை. கூட்டத்தில் பேச்சை ஒருவர் குறுக்கே வெட்டினால், “நான் சொல்லிட்டிருக்கறதை முடிச்சுடறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க” என்பது போதும். தாம் தயாரித்த பட்டியலைச் சகா தம்முடையதாகக் காட்டிவிட்டால், பலர் நடுவில் குற்றம் சாட்டாமல், வெளியே வந்தபின், “அந்த லிஸ்ட்டை நான்தான் தயார் பண்ணினேன். கூட்டத்துல என் பேரை நீங்க சொல்லலை, எனக்கு வருத்தமா இருந்துச்சு. அடுத்த மெயில்ல அதைச் சொல்லிடுங்க” என்று கேட்கலாம். கீழே வேலை செய்கிறவரிடம் குறை சொல்லும்போதும் விதி இதுவே: “நீ பொறுப்பில்லாதவன்” என்பது மனிதரைப் பற்றிய தீர்ப்பு; “இந்த வாரம் ரெண்டு பில்லுல தொகை தப்பா இருக்கு, அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூட்டிப் பாத்துடுப்பா” என்பது காரியத்தைப் பற்றிய சொல்.

தன்னுறுதியின் குறைவு உயிர்ச்சேதத்தில் முடியக்கூடும் என்பதை உலகுக்கு உணர்த்தியது ஆகாய விமானத் தொழில். 1978 டிசம்பர் 28 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் இறங்கவேண்டிய யுனைட்டெட் நிறுவனத்தின் 173-ஆம் எண் விமானம், இறங்கு சக்கரத்தில் ஏற்பட்ட கோளாற்றின் காரணமாக ஏறக்குறைய ஒரு மணி நேரம் நகரருகே வட்டமிட்டது. தலைமை விமானியின் கவனம் முழுவதும் சக்கரத்திலும் பயணிகளை ஆயத்தம் செய்வதிலும் இருந்தது. எரிபொருள் குறைந்துவருவது உடனிருந்த துணை விமானிக்கும் பொறியாளருக்கும் தெரியும். அளவைப் பற்றிப் பேசவும் பேசினார்கள். ஆனால் இப்பொழுதே இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம் என்று அவருக்கு உறைக்கும்படி சொல்லவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன; விமானம் நகர்ப்புறத்தில் விழுந்தது; 189 பேரில் 10 பேர் மாண்டனர், அந்தப் பொறியாளரும் அவர்களில் ஒருவர். விசாரணை செய்த போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தலைமை விமானிகளுக்குப் பிறர் சொல் கேட்டு நடத்தும் முறையையும், மற்றவர்களுக்குத் தன்னுறுதிப் பயிற்சியையும் கற்பிக்கும்படி பெயர் சொல்லியே சிபாரிசு செய்தது. 1981-இல் அந்நிறுவனமே அத்தகைய பயிற்சியைத் தொடங்கிற்று.

அங்கிருந்து இப்பயிற்சி ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. அங்கே மூன்று படிகள் கற்பிக்கப்படுகின்றன: கவலை என்று சொல்லுதல், மனம் ஒப்பவில்லை என்று சொல்லுதல், நோயாளிக்கு ஆபத்து என்று சொல்லுதல். இன்சுலின் சீட்டில் 4 என்ற எண்ணை அடுத்து யூனிட்டைக் குறிக்கும் ஆங்கில எழுத்தைக் கையால் எழுதும்போது, அது பூஜ்யம் போலத் தெரிந்து 40 என்று படிக்கப்படுவது அறியப்பட்ட பிழை. நர்ஸ் முதலில், “டாக்டர், சீட்டுல 40 யூனிட்னு தெரியுது, நேத்து 4தான் போட்டோம், எனக்குக் கவலையா இருக்கு” என்கிறார். “எழுதினபடி போடும்மா” என்று பதில் வந்தால், “இந்த அளவைப் போட எனக்கு மனசு ஒப்பலை டாக்டர், ஒரு தடவை சீட்டைப் பாருங்க” என்கிறார். அதற்கும் செவிசாய்க்காவிட்டால், “இது பேஷண்ட்டுக்கு ஆபத்து. நீங்க பாக்கற வரைக்கும் நான் போட மாட்டேன்” என்கிறார். இரு முறை சொல்லியும் கேட்கப்படாத எச்சரிக்கையை அடுத்த மேலதிகாரியிடம் கொண்டுபோவது அங்கே ஒழுங்கீனமாகக் கருதப்படுவதில்லை, கடமையாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

தன்னுறுதிக்கு எல்லைகளும் உண்டு. சரியாகச் சொல்லப்பட்ட வாக்கியம் கேட்டதைப் பெற்றுத் தரும் என்ற உத்தரவாதம் கிடையாது; வேலை நிரந்தரமில்லாதவர் ஒரு மறுப்புக்குக் கொடுக்கும் விலையும் நிரந்தர உத்தியோகஸ்தர் கொடுக்கும் விலையும் ஒன்றல்ல; இதை எண்ணிப் பாராமல் எல்லோரையும் துணிந்து பேசச் சொல்லும் பயிற்சியாளர் பொறுப்பாகப் போதிக்கிறவரல்லர். மற்றும், தவறு இழைப்பவர் அறிந்தே இழைக்கும் இடத்தில் அழகிய வாக்கியத்துக்கு வேலை குறைவு. பெண் ஊழியரிடம் மேலதிகாரி தகாதபடி பேசினால், “இப்படிப் பேசறது எனக்குப் பிடிக்கலை சார், நிறுத்திக்கோங்க” என்பது சரியான சொல்லே. ஆனால் அதைச் சொல்லியிருந்தால்தான் புகார் செல்லும் என்பதில்லை. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது. நிகழ்ச்சி நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் அதனிடம் முறையிட வேண்டும். அந்தக் கடிதத்திலும் தேதி, இடம், சொன்ன சொல், உடனிருந்தவர் என்ற வரிசையில் நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் வலுவானது.